அரை வாட்

அரியலூர் பைபாஸில் என் அண்ணன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், மீட்டர் எல்லாம் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பார்கள். சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. வண்டியில் ஏறி மாட்டுவது அண்ணன் வேலை. லாரி நிற்கும் யார்டுக்குப் பெண்பிள்ளை வரக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள் வைத்திருந்த ஒரு முதலாளி ஒருநாள் கடைக்கு வந்தார். தொட்டி தூக்கியிருந்தால் டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அது இல்லாத வண்டியைச் சுரங்கத்துக்குள் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். கல்லைக் கொட்டிய பிறகு தொட்டி முழுக்க இறங்கும் முன்போ, அதைத் தூக்கும் கியரை விடாமலோ டிரைவர் வண்டியை எடுத்துவிட்டால், போகப்போகத் தொட்டி மேலே எழும்பும். டிரைவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அதற்குத்தான் விளக்கு.

தொட்டிக்கு அடியில் ஒரு சுவிட்ச், டேஷ்போர்டில் ஒரு விளக்கு, நடுவில் ஒயர். அவ்வளவுதான். ஆனால் அண்ணனிடம் பெட்டியாக இருந்தது ஆட்டோவுக்கும் சின்ன வேனுக்கும் வாங்கிய பன்னிரண்டு வோல்ட் எல்இடி விளக்கு. டிப்பருக்கு இரண்டு பேட்டரி, இருபத்து நாலு வோல்ட். இன்ஜின் ஓடும்போது இருபத்தெட்டு வரை ஏறும்.

"நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டா தீந்துச்சு. எத்தன ஓம்னு மட்டும் சொல்லு," என்றான்.

விளக்கைப் பன்னிரண்டு வோல்ட்டில் எரியவிட்டு மீட்டரில் பார்த்தேன். எழுபத்தைந்து மில்லி ஆம்பியர் இழுத்தது. இருபத்தெட்டில் பன்னிரண்டு விளக்குக்குப் போனால் மிச்சம் பதினாறு வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். பதினாறை அந்தக் கரண்ட்டால் வகுத்தால் இருநூற்றுப் பதின்மூன்று ஓம் வரும். கடையில் கிடைப்பது இருநூற்றிருபது. அது சரியாக இருக்கும் என்றேன்.

அவன் டிராயரைத் திறந்து ஒரு கைப்பிடி ரெசிஸ்டர் அள்ளினான். எல்லாம் அரை வாட். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது.

"அது வேணாண்ணே. பதினாறு வோல்ட்ட எழுபத்தஞ்சு மில்லி ஆம்பியரால பெருக்கிப் பாரு. ஒண்ணே கால் வாட் கிட்ட வருது. அவ்வளவும் இதுக்குள்ள சூடா எறங்கும். அரை வாட் எப்படித் தாங்கும்? ரெண்டு மடங்காவது இருக்கணும். டேஷ்போர்டுக்குள்ள காத்து வேற கெடையாது. அஞ்சு வாட் போட்டுட்டா கவலை இல்ல."

"ஓம்ஸ் ஒண்ணுதானே? வெளக்கு எரியுமா எரியாதா?"

"எரியும். எத்தன நாளைக்குங்கறதுதான் கேள்வி."

அவன் நம்பவில்லை. நான் மேசையிலிருந்த பவர் சப்ளையை இருபத்தெட்டில் வைத்து, அரை வாட் ரெசிஸ்டரையும் விளக்கையும் சேர்த்துப் போட்டேன். விளக்கு நன்றாகவே எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ரெசிஸ்டரின் பெயின்ட் பழுப்பேறியது. "தொட்டுப் பாரு," என்றேன். தொட்டவன் கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"சரி தாயே. திருச்சி போறப்ப அஞ்சு வாட் வாங்கியாறேன்."

வாங்கியும் வந்தான். வெள்ளைப் பீங்கான் கட்டி, துண்டுச் சாக்பீஸ் அளவு. அதுவும் சுடும், ஆனால் தாங்கும். ஒயர் மேல் படாமல் தகரத்தை ஒட்டிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி என் கண்முன்னே அப்படித்தான் மாட்டினான். மற்ற வண்டிகளை யார்டிலேயே முடித்துவிட்டு வந்து, "எல்லாம் ஆச்சு பாப்பா" என்றான். நான் அதற்கப்புறம் அதை மறந்துபோனேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், அந்த முதலாளியின் டிப்பர் ஒன்று சிமென்ட் ஆலை வாசலுக்கு மேலே போட்டிருந்த இரும்புச் சட்டத்தில் மோதிவிட்டது என்று செய்தி வந்தது. கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பிய வண்டி. தொட்டி பாதி எழும்பியிருக்கிறது, டிரைவருக்குத் தெரியவில்லை. தொட்டி சட்டத்தில் மாட்டி நின்ற வேகத்தில் கேபின் முன்னுக்கு மடங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே அவர் இடது கால் நசுங்கிவிட்டது. அவர் உடையார்பாளையம் பக்கத்துக்காரர். கடைக்கு வந்தால் என் மேசைப் பக்கம் வந்து, "தங்கச்சி, இந்த ஹாரனுக்கு மட்டும் தொண்ட கட்டிக்கிச்சு, பாரு" என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவதற்குள் ஒயரிங்கைப் பார்த்து வைக்கச் சொல்லி முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார். மீட்டர் போர்டு உடைந்திருப்பதால் நானும் வர வேண்டும் என்று அண்ணனே சொன்னான். அன்றைக்கு மட்டும் யார்டு எனக்குத் திறந்தது.

நெளிந்த டேஷ்போர்டை அவன் நெம்பித் திறந்தான். நான் டார்ச் அடித்தேன். விளக்குக்குப் போகும் ஒயரில் கறுப்பு டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. பீங்கான் கட்டி எங்கும் இல்லை. டேப்பைப் பிரித்தேன். உள்பக்கம் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கரியாக ஒரு மணி. நிறக்கோடுகள்கூடத் தெரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. விளக்கை நேராகப் பன்னிரண்டு வோல்ட்டில் கொடுத்தேன். அது பளிச்சென்று எரிந்தது. தொட்டிக்கு அடியிலிருந்த சுவிட்ச்சும் நன்றாகவே இருந்தது.

மோதியதால் எரிந்தது இல்லை. மோதுவதற்கு முன்பே எப்போதோ கருகி அறுந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையும் விளக்கு இருட்டாகத்தான் இருந்திருக்கும். தொட்டி இறங்கியிருந்தாலும் அந்த விளக்கு இருட்டுதான். டிரைவர் எப்படி வித்தியாசம் காண்பார்?

"அஞ்சு வாட் எங்கண்ணே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அந்த வெள்ளக் கட்டிய வைக்க எடமே இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் தனியா ஓட்ட போடணும். இது டேப்போட உள்ள போயிடுச்சு. எரிஞ்சுச்சுல்ல? எரிஞ்சுது."

"நீயே தொட்டுப் பாத்தியே."

"கத்தாத. அதக் கழட்டி எறி. ஒயர ஒண்ணா முறுக்கி வுடு."

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினேன். அவன் பிடுங்க வந்தான். யார்டில் ஆட்கள் இருந்ததால் விட்டுவிட்டான்.

சர்வேயர் வந்ததும் முதலாளி முந்திக்கொண்டு பேசினார். டிரைவர் கியரை விடாமல் வண்டியை எடுத்துவிட்டான், முந்தின நாள் குடித்த மப்பு இறங்கவில்லை என்றார். குடித்தார் என்று யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. நான் நடுவில் போய் நின்று, கருகிய மணியை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். என்ன போட்டிருக்க வேண்டும், என்ன போட்டிருக்கிறது, விளக்கு ஏன் எரியவில்லை. எங்கள் கடைதான் போட்டது என்பதையும் சொன்னேன்.

சர்வேயர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"டிரைவர் கியர வுட்டாரா இல்லையாம்மா?"

"வுடல போலிருக்கு சார். மறந்திருக்கலாம். மறந்தா காட்டத்தான சார் இந்த வெளக்கு?"

"கம்பெனி வெளக்கு இல்லையே இது. வெளிய மாட்டினது. இத நான் எழுதினா, வண்டில ஒயரிங்க மாத்திட்டாங்கன்னு முதலாளிக்குத்தான் தொந்தரவு. எழுதணுமா சார்?" கடைசிக் கேள்வி முதலாளிக்கு.

முதலாளி என் அண்ணனைப் பார்த்தார். "தம்பி, உன் தங்கச்சிய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

நான் என் காலாலேயே வெளியே வந்தேன்.

வீட்டில் அண்ணி சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். அம்மா மட்டும் பேசினாள். "கூடப் பொறந்தவன நடுத்தெருவுல நிக்க வச்சிட்டு வந்திருக்க. அந்த டிரைவரு உனக்கு என்ன ஒறவா?" அண்ணன் வந்து, "நாளைலேருந்து கடைக்கு வராத" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. ஒரு சாமானைத் திருப்பி அனுப்புகிற மாதிரி சொன்னான்.

அடுத்த வாரமே அவன் அந்த முதலாளியின் மற்ற வண்டிகள் எல்லாவற்றிலும் டேஷ்போர்டைத் திறந்து, ஓட்டை போட்டு, வெள்ளைக் கட்டி மாட்டியிருக்கிறான். கடையில் வேலை செய்த பையன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையால் ஒத்துக்கொண்டவன் வாயால் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற வண்டிகளாவது தப்பியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை.

டிரைவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முந்திரித் தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. கட்டிலில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருந்தார்கள். இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக முதலாளி ஆள் அனுப்பியிருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெளக்கு எரியலன்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன் தங்கச்சி. ஒரு பய நம்பல. எனக்கே சந்தேகம் வந்துருச்சு, எரிஞ்சுதான் நான் பாக்கலியோன்னு." பிறகு, "அது எவ்ளோ பெருசு இருக்கும்?" என்றார்.

கைப்பையிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கரி அவர் கையில் ஒட்டியது.

"பெருசு போட்டிருந்தா?"

"சூடாயிருக்கும்ணே. அறுந்திருக்காது."

அவர் மனைவி கதவருகே நின்றிருந்தாள். "இத அவுங்ககிட்ட சொல்லுங்க. இங்க வந்து சொல்லி என்னங்க ஆவப்போவுது?" என்றாள்.

"சொல்லிட்டேங்க."

"சொல்லியுமா?"

டீ வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கேஸ் போடலாம், நான் வந்து சொல்கிறேன் என்றேன். டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டார். "உன் அண்ணன் மேலயா? அவன் கைலதான் எல்லா வண்டியும் இருக்கு. நாளைக்கு எம் மவன் லைசென்ஸ் எடுத்தா அந்த முதலாளிகிட்டதான் போய் நிக்கணும். வுட்டுரு தங்கச்சி."

இப்போது நான் பெரம்பலூரில் பம்ப்செட்டுக்குப் பேனல் செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன். ஒரு பெண்கள் விடுதியில் அறை. அண்ணன் கடை பெரிதாகிவிட்டது, இன்னொரு ஷட்டர் எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அம்மா போனில் பேசும்போது அவன் பக்கத்தில் இருந்தால், குரலைத் தாழ்த்திக்கொள்வாள். போனில் இருப்பது நான் என்று அவனுக்குத் தெரியக்கூடாதது போல.

போன மாதம் அரியலூர் போகும் பஸ்ஸிலிருந்து, லாரிகளை எடைபோடும் ஒரு எடைமேடை வாசலில் அந்த டிரைவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, கையில் விசில். வாட்ச்மேன் வேலை. டிப்பர் ஒன்று உள்ளே திரும்ப, காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். பஸ் அங்கே நின்றது. ஜன்னல் வழியாக "அண்ணே" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார், அடையாளமும் தெரிந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வண்டிக்கு விசில் ஊதினார்.