முதல் பக்கத்தில் நான்கு படங்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்துதான் பழக்கம். சொந்தமாக எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரையான்சாவடியில் ஒரு வார இதழில், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி ஆபரேட்டராக இருக்கிறேன். எனக்கு எப்போதும் உள்பக்கங்கள்தான். முதல் பக்கம் செய்பவர் வேலையை விட்டுப் போனதும் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வாரம் நீங்க செய்ங்கம்மா. சரியா வரலேன்னா இனிமே வெளியில குடுத்துடலாம்."

எனக்கு அந்தப் பக்கம் வேண்டும் என்று ஆசை. செய்திகளை வாங்கிக்கொண்டு கணினிக்குப் போனேன்.

திருமுல்லைவாயிலில் ஒரு சுரங்கப்பாதையைப் பராமரிப்புக்காக மூடப்போவதுதான் முதல் செய்தி; அடுத்தது ஒரு பள்ளிக்கூடப் பரிசு விழா. பக்கத்தின் அகலத்தை ஐந்து பத்தியாகப் பிரிப்போம்; சுரங்கப்பாதைக்கு அதில் மூன்று. தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டால் ஊர்ப் பெயரே மூன்று பத்தியைத் தாண்டி ஓடியது. எழுத்தைக் குறைத்து அடக்கினேன். மீதி இடத்தில், அந்த வாரம் வந்த நான்கு படங்களையும் வைத்தேன். ஒன்றை எடுத்தால் அதை அனுப்பியவர் வருத்தப்படுவாரே.

ஆசிரியர் பக்கத்தின் பிரதியைக் கதவில் ஒட்டிவிட்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"முதல்ல எது கண்ணுல படுது?"

"பள்ளிக்கூடப் பரிசு," என்றான் உதவி ஆசிரியர்; நான் தம்பி என்று கூப்பிடும் பையன். ஆவடிக்காரன். "ரெண்டு தலைப்பும் ஒரே சைஸ்ல கீது."

என்னையும் கேட்டார். ஒரு படத்தில் இருந்த மஞ்சள் புடவைதான் எனக்கு முதலில் தெரிந்தது. அதையே சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தான்.

திரும்பப் போய்ச் சுரங்கப்பாதைத் தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்கி, பக்கவாட்டில் நெருக்கி, மூன்று பத்திக்குள் திணித்தேன்.

"இன்னாக்கா, எழுத்தெல்லாம் ஷேர் ஆட்டோல குந்திகினு போற மாதிரி கீது."

ஆசிரியர் சிரிக்கவில்லை. "நெருக்கக் கூடாதும்மா. வார்த்தையைக் குறைங்க."

ஊர்ப் பெயரைக் குறைப்பது எப்படி என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிதான் சொன்னான்: "ஊர் பேரை மேல சின்னதா போட்டுக்கா. கீழ 'சுரங்கப்பாதை மூடல்', ரெண்டு வரி. போதும்."

பெரிய எழுத்திலேயே அடங்கியது. பரிசுத் தலைப்பைச் சிறிதாக்கினேன். அடுத்தது படங்கள். குழுப் படத்தில் பத்துப் பேர்; முகங்கள் கடுகளவு. அதையும் இன்னும் இரண்டையும் ஆசிரியர் உள்பக்கத்துக்கு அனுப்பச் சொன்னார். சுரங்கப்பாதைப் படத்தை மட்டும் பெரிதாக வைத்தேன்.

இப்போது பக்கம் எனக்குக் காலியாகத் தெரிந்தது, எதையோ வைக்க மறந்துவிட்டதைப் போல. உள்பக்கத்தில் ஒரு விரல் இடம் விட்டாலும் ஆசிரியரே திட்டுவார். இங்கே இவ்வளவு இடம் எப்படிச் சரியாகும்?

"இது சரியா சார்?" என்றேன்.

பக்கத்தையும் கடிகாரத்தையும் பார்த்தார். "ம். அச்சுக்குப் போகட்டும்."

நன்றாக இருக்கிறது என்றாரா, நேரமாகிவிட்டது என்றாரா? பேருந்தில் வீடு வரும்வரை யோசித்தும் விளங்கவில்லை.

மறுநாள் இதழ் வந்தது. அடுத்த வாரம் வேலைக்கு வந்து கணினியைத் திறந்தேன். அடுத்த இதழின் முதல் பக்கச் செய்திகள் என் கணினிக்கே வந்திருந்தன.