அரசும் வேம்பும் தனித்தனியாக

ரூபன் கெட்டவன் என்று அன்னூர் வட்டாரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளை அடிக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்குப் போவான், திங்கட்கிழமை டார்வினை ஒழுங்காக நடத்துவான். அவனுடைய அப்பா தோட்டக்கூலி. ஞானஸ்நானம் வாங்கியதில் குடும்பத்துக்குப் பெயர் மாறியது, தெரு மாறவில்லை. அந்தத் தெருவிலிருந்து பி.எஸ்சி., பி.எட். முடித்து வந்த முதல் ஆள் ரூபன். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறு வருடமாக அறிவியல் வாத்தியார். ஆறு வருடமும் அவன் பணியிடத்துக்கு அரசு சம்பளம் தருவதற்கான அனுமதி வரவில்லை. வரவேண்டுமானால் நிர்வாகக் கமிட்டி தீர்மானம் போட்டு மேலே அனுப்ப வேண்டும். கமிட்டி என்றால் தாளாளர் கந்தப்பன். தீர்மானம் போடுவதும் போடாததும் அவர் வாயில் இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஆகஸ்ட்டில் மாவட்ட அறிவியல் மாநாட்டுக்கு ஏதாவது கொண்டு வரச் சொன்னார்கள். வழக்கமாக எரிமலை பொம்மை செய்து தூக்கிக்கொண்டு போவார்கள். ரூபன் வேறு சொன்னான். பள்ளி வளாகத்தில் இருக்கிற மரங்களை எல்லாம் கணக்கெடுப்போம். என்ன மரம், எவ்வளவு சுற்றளவு, எவ்வளவு நிழல். அதிலிருந்து இந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு கார்பனை மரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்று உத்தேசமாகச் சொல்லுவோம்.

"கார்பனைச் சேத்தி என்னங்க பண்றது? உண்டியல்லயா போடறது?" என்றார் தலைமையாசிரியர் பாலகோபால். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் வகுப்பு இறங்கியது. நீளத்தாண்டல் அளக்கிற துணி டேப்பை விளையாட்டு வாத்தியாரிடம் வாங்கிக்கொண்டார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி அளவு. உயரத்துக்குக் காலை வெயிலில் ஒரு குச்சியை நட்டு, குச்சியின் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒப்பிட்டார்கள். ஆகஸ்ட் மாதத்து உச்சிப்பொழுதில் வெயில் நேர்தலைக்கு மேல் நிற்கும், நிழல் மரத்தடியிலேயே விழும். அப்போது நிழலின் ஓரத்தில் எட்டுத் திசைக்கு எட்டுப் பிள்ளைகள் நிற்க, எதிரெதிராக நிற்பவர்களுக்கு நடுவே டேப் பிடித்தால் நிழலின் அகலம் கிடைத்துவிடும்.

டேப் பிடித்தது தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள். ஓரத்தில் வெயிலில் நின்றது காலனிப் பிள்ளைகள், ரூபனின் தெருக்காரர்கள். யாரும் அப்படிப் பிரிக்கவில்லை; தானாகவே பிரிந்துகொண்டார்கள். ரூபன் பார்த்தான். அளவு சரியாக வருகிறது என்று விட்டுவிட்டான்.

புங்கன், புளி, வாகை, குல்மொகர் எல்லாம் முடிந்தன. கடைசியாக நின்றது வளாகத்து வடமூலையில் பிள்ளையார் மேடை. மேடையில் அரசும் வேம்பும் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் நின்றன. கந்தப்பனின் அப்பா காலத்தில் இரண்டு கன்றுக்கும் தாலி கட்டிக் கல்யாணம் பண்ணி, ஊருக்கே சோறு போட்டிருந்தார்கள்.

கிருபாசங்கர் டேப்பை இரண்டு மரத்தையும் சேர்த்துச் சுற்றினான். அவன் தாளாளரின் தம்பி மகன், கொழுத்த பையன். "மூணு மீட்டர் முப்பத்தஞ்சுங்க சார்" என்று கத்தினான்.

"ரெண்டும் ரெண்டு மரமடா. தனித்தனியா அளக்கோணும்."

"கல்யாணம் ஆனதுங்க சார். பிரிக்கக் கூடாதுங்க."

வகுப்பே சிரித்தது. ரூபனும் சிரித்தான். பிறகு சாக்பீஸை எடுத்து மேடைச் சுவரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். சுற்றளவை அதனாலேயே பெருக்கித்தான் அடிமரத்தின் பரப்பு வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் நடுவில் இருக்கிற காற்றும் மரமாகிவிடும். "காத்தைப் போய் கட்டைன்னு எழுதினா எந்த ஜட்ஜு ஒத்துக்குவாரு?"

தனித்தனியாக அளக்க டேப்பை இரண்டு மரத்துக்கும் நடுவே விட்டு இழுக்க வேண்டும். இடுக்கு நாலு விரல் அகலம்கூட இல்லை. கிருபாசங்கரின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மற்றப் பையன்கள் இடுக்கின் அடியில் இருந்த நாகர் கல்லைப் பார்த்துப் பின்வாங்கினார்கள்.

"பிரவீனா, உன் கைதான் சின்னது. வா கண்ணு."

சொன்னது ரூபன்தான். அந்த நிமிடத்தில் அவன் யார், அவள் யார், அது எந்த மேடை என்பதெல்லாம் அவன் தலையில் இல்லை. அளவு ஒன்றுதான் இருந்தது. வாழ்நாளில் அவன் வாத்தியாராக மட்டும் இருந்த நிமிடம் அதுதான்.

வெயிலில் நின்ற பிரவீனா செருப்பில்லாத காலோடு மேடை ஏறினாள். கன்னத்தை வேம்பில் ஒட்டிக்கொண்டு, தோள் வரைக்கும் கையை இடுக்கில் விட்டு, டேப்பின் நுனியை மறுபக்கம் இழுத்துவிட்டாள். அரசு இரண்டு மீட்டர் நாற்பது. வேம்பு ஒன்று ஐம்பது. இறங்கி வந்தவளின் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா சார், காத்து மட்டும் எவ்வளவு இருக்குது!" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் பூசாரி வந்தார். மஞ்சள் தண்ணீரும் கோமியமும் ஊற்றி, சாக்பீஸ் கோடு போகிற வரைக்கும் இரண்டு மரத்தையும் கழுவினார்கள். அந்த மரங்களுக்குக் குழி வெட்டியது பிரவீனாவின் தாத்தன்மார். வேர் பிடிக்கிற வரைக்கும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியதும் அவர்கள்தான். கன்றாக இருந்தபோது ஒட்டாத தீட்டு, மரமானதும் ஒட்டிக்கொண்டது. சாமிக்கு வயது ஏற ஏற ஞாபகம் குறைகிறது போலும்.

கந்தப்பன் ரூபனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மரியாதை குறையாமல் ஆளைக் கொல்லத் தெரிந்தவர்.

"வாங்க வாத்தியாரே, உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா?"

"இல்லீங்க, வேண்டாமுங்க."

"உங்க ஃபைலு மேசைமேலதானுங்க கெடக்குது. இந்தக் கமிட்டியில வெச்சுப்போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தப் புள்ள இப்புடிச் செஞ்சுபோட்டுது பாருங்க." வாசற்படிக்கு வெளியே பிரவீனாவும் அவள் அம்மா மாரியாத்தாளும் நின்றிருந்தார்கள். மாரியாத்தாள் கந்தப்பனின் தோட்டத்தில்தான் பருத்தி எடுக்கிறாள். "ஏனம்மணி, உன்ற புள்ள என்ன சொல்லுது?"

"சார் கூப்புட்டாருன்னுதான் ஏறுனேங்குதுங்க சாமி. தானா ஏறலைங்குது."

"அப்புடீங்களா வாத்தியாரே? நீங்க கூப்புட்டீங்களா?"

அவன் கூப்பிட்டது வகுப்பில் நாற்பது பேர் காதில் விழுந்தது. கந்தப்பனின் தம்பி மகன் காதிலும் விழுந்தது. கந்தப்பனுக்கு உண்மை தெரியும் என்பது ரூபனுக்கும் தெரியும். அங்கே யாரும் உண்மையைக் கேட்கவில்லை. விலையைத்தான் கேட்டார்கள்.

"நான் கூப்பிடலைங்க" என்றான் ரூபன். "அதுவாத்தான் போய்க் கையை உட்டுருச்சுங்க."

பிரவீனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. மாரியாத்தாள்தான் மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாத்தியாரு மேலயே பொய் சொல்லறியாடி! சோறு போடற எடத்துல எனக்கு இனி என்ன மொகம் இருக்குது?"

"அடிக்காத அம்மணி, பாவம் புள்ள" என்றார் கந்தப்பன். "சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டுப் போ. நம்ம மச்சான் மில்லுல ஆள் எடுக்கறாங்கொ, நானே சொல்லியுடறேன்."

மாற்றுச் சான்றிதழை எழுதியது வகுப்பு ஆசிரியரான ரூபன். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதினான். அந்த அளவுக்கு அவனிடம் நேர்மை மிச்சம் இருந்தது.

கணக்கு முடிந்தது. அடிமரப் பரப்பை உயரத்தால் பெருக்கி, மரம் மேலே போகப் போக ஒடுங்குவதற்காகக் கொஞ்சம் கழித்து, அந்தந்த மரத்துக் கட்டையின் அடர்த்தியால் பெருக்கினால் காய்ந்த எடை. அதில் பாதி கார்பன். வேரைச் சேர்க்காமல் பள்ளிக்கூடம் முழுவதற்கும் சுமார் பத்தொன்பது டன். சேர்த்துச் சுற்றின அளவைப் போட்டிருந்தால் மேடை மரங்களின் கணக்கு மட்டும் நூற்றுக்கு நாற்பது ஏறியிருக்கும். ரூபன் போட்டது பிரவீனாவின் அளவை. மரத்தைத்தான் கழுவினார்கள், எண்ணைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் கோயமுத்தூரில் மாநாடு. கிருபாசங்கர் பேசினான். நடுவராக வந்த பேராசிரியை ஒட்டி நிற்கிற மரங்களைத் தனித்தனியாக அளந்ததைச் சுட்டிக் காட்டி, "இந்த இடத்தில்தான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. யார் அளந்தது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க மேடம்" என்றான் அவன். ரூபன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். முதல் பரிசு.

அதோடு முடிந்திருக்கும். அன்னூரில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்தபா என்கிற மனிதர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஒரு பிள்ளையைத் தீட்டு என்று பள்ளியிலிருந்து விரட்டியிருக்கிறார்கள் என்று கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார். விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தாக்கீது வந்தது. கந்தப்பன் அதையும் காப்பி கொடுத்துத்தான் சொன்னார். "புள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிச்சுன்னா உங்க பேரும்தானுங்க வரும். உங்க தெருப் புள்ளதானே? நீங்களே பேசிப்போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து ரூபன் காலனிக்குப் போனான். பிரவீனாவுக்கு மில்லில் வார விடுமுறை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாரியாத்தாள் அவசரமாகப் பாயை உதறிப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"கண்ணு, நாளைக்கு ஒரு ஆபீசர் வருவாரு. நீயாத்தான் ஏறுனேன்னு சொல்லிரு. மில்லு வேலைக்காகத்தான் படிப்ப நிறுத்துனேன்னு சொல்லிரு. சார் வேலை இதுலதான் இருக்குது. சொல்லுவியா?"

அவள் கையைக் கழுவினாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மொத்தம் எவ்வளவுங்க சார் வந்துச்சு?"

"எது?"

"கார்பனுங்க."

"பத்தொன்பது டன்னு."

"ரெண்டையும் தனித்தனியாத்தானுங்க போட்டீங்க?"

"தனித்தனியாத்தான்."

"அப்பச் சரிங்க சார்" என்றாள். "சொல்லிப்போடறேன்."

சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் திறந்தார். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று மில் வேனைப் பிடிக்க ஓடினாள். புகாரில் உண்மை இல்லை என்று முடிவானது. தை மாதக் கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். கோடை விடுமுறைக்கு முன்பே ரூபனின் பணியிடத்துக்கு அனுமதி வந்துவிட்டது. பாலகோபால் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். ரூபனும் ஒன்று எடுத்துத் தின்றான்.