மடிப்பு மேசையில் ஒரு ஜப்பானியத் திரை

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் நண்பகலாகியும் விடவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தகரக் கூரையில் மழையும், கூரைக்குக் கீழே நீராவியும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் இரைந்துகொண்டிருந்தன.

அந்தக் கூடத்தில் மடிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவளை எல்லோரும் 'ஸ்கேல்' என்றே அழைத்தனர். அவள் மடித்த விரிப்புகளின் ஓரங்கள் அடுக்கில் ஒரு நூல்கூடப் பிசகாமல் நிற்கும் என்பதே காரணம். கோணலாக மடித்ததைக் கண்டால் அடுத்தவர் அடுக்கையும் பிரித்து மடிப்பாள். அதனால் அவளைப் பிடிக்காதவர்களும் உண்டு. வாய் அதிகம் பேசாது; ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

சென்ற ஆறு மாதங்களாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வியை. அவளுடைய மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் உறைந்துவிடுவாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. பிறகு ஒன்றுமே நடவாததுபோலப் பிடி சோற்றை வாயில் வைப்பாள். பள்ளியில் "கனவு காண்கிறாள்" என்றனர். அக்கா கணவர் "அம்மாவைப் போலவே அழுத்தம்" என்று சிரித்தார். உள்ளூர் மருத்துவரோ, அந்த நேரத்தில் படம் பிடித்து நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள் என்றார். நிபுணர் இருப்பது தொலைவில், வேறொரு நகரத்தில். அவர் செல்பேசிச் செயலியின் வழியாகப் பார்ப்பதற்கு இன்று பிற்பகல் இரண்டு மணி என்று நேரம் கிடைத்திருந்தது. தவறினால் அடுத்த முறை மழைக்காலம் முடிந்த பிறகுதான்.

அவள் எடுத்த காணொளிகள் அந்தச் செல்பேசியில் மட்டுமே இருந்தன. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை.

காலையில் நிபுணரின் மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்தது: செல்பேசியில் ஆங்கிலமும் இருந்தால் எங்கள் உதவியாளர் தொலைபேசியில் வழிகாட்ட எளிதாக இருக்கும். அவள் மடிப்பு மேசைக்குப் பின்னால் மறைந்து நின்று, அமைப்புகளுக்குள் புகுந்து, மொழிப் பட்டியலைத் திறந்தாள். கூடத்துக்குள் செல்பேசி கூடாது என்பது விதி. சென்ற ஆண்டு ஒருவருடைய செல்பேசி துவைக்கும் உருளைக்குள் போய் ஒரு நாள் வேலையையே நிறுத்திவிட்டது. ஆயினும் அன்று அவள் தன் செல்பேசியைக் கண்ணாடித்தாள் உறையிலிட்டு மேலங்கிப் பையில் வைத்திருந்தாள்.

"ஸ்கேல், அந்த ஈரக் குவியலை இப்படித் தள்ளும்மா" என்று மேற்பார்வையாளரின் குரல் வந்தது.

திரையை அணைக்காமலே பையில் போட்டாள். இரு கை நிறைய ஈர விரிப்புகளை மார்போடு அணைத்துத் தூக்கினாள். விரிப்பின் ஈரம் உறையின் மேல் அழுந்தியது. தொடுதிரைக்கு விரல் எது, ஈரத்துணி எது என்று எப்படித் தெரியும்? பட்டியல் நகர்ந்தது; ஏதோ ஒரு வரி தொடப்பட்டது; "இதையே முதன்மையாக்கவா?" என்று கேட்ட பெட்டிக்கும் ஒரு தொடுதல் கிடைத்தது.

உணவு இடைவேளையில் உறையைப் பிரித்துப் பார்த்தாள். கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. அந்த எண்களைத் தவிரத் திரையில் ஒன்றுமே அவளுக்குப் புரியவில்லை.

மருத்துவமனைச் செயலியைத் திறந்தாள். உடனே ஒரு பெட்டி எழும்பியது. அதில் மூன்று வரிகள். எதைத் தொடுவது? எப்போதும் 'சரி' என்பது கடைசியில்தானே இருக்கும் என்று கடைசி வரியைத் தொட்டாள். பெட்டி மறைந்தது. படக்கருவியின் சின்னத்தின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது. 'அனுமதிக்க வேண்டாம்' என்பதை அவள் தொட்டுவிட்டாள். இரண்டாவது முறையும் அப்படியே செய்தால் செல்பேசி அப்புறம் கேட்கவே கேட்காது. அது அவளுக்குத் தெரியாது. ஆயினும், தெரியாததை இனித் தொடுவதில்லை என்று அந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்தவுடன் முடிவு செய்தாள்.

உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அப்போதுதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாத பொருளே இல்லை; கேட்காமலே சொல்வார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எழுத்தெல்லாம் மாறிப்போச்சு."

"சீன மொழி" என்றார் அவர், பார்த்த மாத்திரத்தில்.

"இல்லண்ணே. நம்ம பழைய இஸ்திரி மெஷின்ல ஒட்டியிருக்கே, அந்த எழுத்து. அது ஜப்பான்லேர்ந்து வந்தது."

"ஏதோ ஒண்ணு. நமக்கென்ன, அவங்களோட சம்பந்தமா பேசப்போறோம்? ரீசெட் பண்ணா பழையபடி வந்துரும். கொண்டா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பல்சக்கரச் சின்னத்தைத் தொட்டார். அது சரிதான், மொழி மாறினாலும் சின்னம் மாறுவதில்லை. நகர்த்திக்கொண்டே போனார். குமிழ் வைத்த மூன்று கோடுகள் போட்ட ஒரு சின்னத்துக்குள் நுழைந்தார். பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போனார். அங்கே கடைசி வரியைத் தொட, இன்னொரு பட்டியல் வந்தது. அதிலும் கடைசி வரி. நீண்ட ஒரு பத்தி தோன்றியது. அதன் கீழே அவளுடைய கணக்குகளின் சின்னங்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய பொத்தான்.

"வந்துட்டோம் பாரு" என்றார்.

அந்தச் சின்னங்களின் வரிசை அவள் கண்ணில் பட்டது. இருக்கும் உடைமையெல்லாம் வாசலில் எடுத்து வைத்ததுபோல இருந்தது அது. அவர் விரல் இறங்குவதற்குள் செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது, வெடுக்குனு?"

"அண்ணே, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"அது ஜப்பான்ல இருக்கு. எப்படிப் படிக்கிறது?"

"அப்போ எப்படி அழுத்தப்போனீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தெருமுனைச் செல்பேசிக் கடை மதியம் மூடிக்கிடக்கும். அவளுக்குத் தெரிந்து இதே செல்பேசி, இதே நிறத்தில், இந்தக் கட்டடத்தில் இன்னும் ஒருவரிடம்தான் இருந்தது. அதே கடையில், அதே வாரத்தில் வாங்கியவர். அவர் மேற்பார்வையாளர். கூடத்துக்குள் செல்பேசியைக் கண்டால் அன்றே வீட்டுக்கு அனுப்புவேன் என்று சென்ற வாரம் சொன்னவரும் அவரே.

அவள் கண்ணாடி அறையின் கதவைத் தட்டினாள்.

"மேடம், உள்ள செல்போன் வச்சிருந்தேன். தப்புதான். திட்டறதை அப்புறம் திட்டுங்க. இப்போ உங்க போனைக் கொஞ்சம் தரணும்."

மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். "நல்லா இருக்கே. குத்தத்தையும் ஒத்துக்கிட்டு என் போனையும் கேக்கற. உனக்கு இவ்வளவு பேச வருமா?"

"ரெண்டு மணிக்கு டாக்டர் போன்ல வருவார். பொண்ணு விஷயம். வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு. போன் ஜப்பானுக்குப் போயிடுச்சு. டிரையர் அண்ணன் ரீசெட் பண்ணப் பார்த்தார்."

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. ரெண்டையும் பக்கத்துல வை."

இரண்டு செல்பேசிகள் மேசை மேல் கிடந்தன. ஒன்று தமிழில், ஒன்று ஜப்பானியத்தில். மேற்பார்வையாளர் தம்முடையதில் ரீசெட் பகுதியைத் திறந்து முதலில் உரக்கப் படித்தார். "எல்லா அமைப்புகளையும் மீட்டமை. மொழி, கணக்குகள், சொந்தத் தரவு இதெல்லாம் மாறாதுன்னு போட்டிருக்கு. பாரு, மொழி மாறவே மாறாதாம். அடுத்தது... இது எல்லாத்தையும் அழிக்கிறது. உங்க அண்ணன் எதைத் தொடப்போனார்?"

"கடைசியா இருந்ததை."

"கெட்டிக்காரர்தான்."

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கினாள். "இனிமே நீங்க ஒவ்வொண்ணாத் தொடுங்க மேடம். நான் அதே படத்தைத் தேடித் தொடறேன். எண்ணிப் பார்க்க வேணாம், படத்தைப் பார்ப்போம்."

அப்படிச் சொன்னது நல்லதாயிற்று. மேற்பார்வையாளரின் திரையில் மேலே புதுப்பிப்பு பற்றிய ஒரு வரி கூடுதலாக இருந்தது. எண்ணிப் போயிருந்தால் ஒரு வரி தவறியிருக்கும். பல்சக்கரம். பிறகு குமிழ் வைத்த மூன்று கோடுகள். "பொது நிர்வாகம்" என்று படித்தார் மேற்பார்வையாளர். அதே பக்கம்தான், உலர்த்தும் இயந்திரக்காரர் அடிமட்டத்துக்குப் போன பக்கம். ஆனால் இவர் மேலேயே நின்றார். "முதல் வரி, மொழி. உன்னோடதுலயும் முதல் வரிதான் இருக்கணும். தொடு."

அவள் விரல் திரைக்கு மேலே நின்றது. இரண்டு திரைகளிலும் முதல் வரியின் இடத்தையும் அதன் கீழிருந்த பிரிவுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. தொட்டாள்.

புதிய பக்கத்தில் இரண்டே வரிகள் இருந்தன. மேலே அந்நிய எழுத்து. கீழே, அவள் எழுதப் படித்த நாள் முதல் அறிந்த எழுத்தில், 'தமிழ்'.

"இருக்கு மேடம்" என்றாள்.

"இருக்கத்தான் செய்யும். எந்த மொழிக்குப் போனாலும் அவங்கவங்க பேரை அவங்கவங்க எழுத்துலதான் போடுவான். தொடு. அடியில ஒரு பொத்தான் வரும், என்னோடதுல 'பயன்படுத்து'ன்னு இருக்கு."

தமிழைத் தொட்டாள். அடியில் பொத்தான் வந்தது. அதையும் தொட்டாள். திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. 'பொது நிர்வாகம்', 'மொழி', 'தேதி மற்றும் நேரம்' என்று ஒவ்வொன்றாக ஊர் திரும்பின.

அவள் முதலில் காணொளிகளைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன. செயலியைத் திறந்தாள், பெட்டி மீண்டும் எழும்பி, படக்கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கவா என்று இம்முறை தமிழில் கேட்டது. முதல் வரி, 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்.' குறுக்குக் கோடு அகன்றது.

"இங்கேயே பேசு" என்று மேற்பார்வையாளர் எழுந்தார். "கதவைச் சாத்திக்கோ. திட்டறது நாளைக்கு, மறக்க மாட்டேன்."

இரண்டு மணிக்குச் சற்றுப் பிந்தி மருத்துவரின் முகம் திரையில் வந்தது. அவர் காணொளிகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றை மீண்டும் ஓடவிட்டார். அதில் குழந்தை கையில் கரண்டியோடு உறைந்திருந்தாள். பின்னணியில் இவளுடைய குரல் அழைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. தொட்டுப் பார்த்தீங்களா?"

"தொட்டேன் டாக்டர். தோளைக் குலுக்கினேன். திரும்பல."

மருத்துவர் எதையோ எழுதினார். கண்ணாடியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது கனவு காணறது இல்லம்மா. ஒரு வகை வலிப்பு மாதிரி இருக்கு. மூளை அலைப் பரிசோதனை எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாச் சொல்லணும். அதுக்கு அவளை இங்க கூட்டிட்டு வரணும். எப்போ வர முடியும்?"

"நாளைக்கு வரேன் டாக்டர்."