கடுகு சேராத பானை

ஆராய்ச்சிக் கூடத்தின் சமையலறையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு மேலதிகாரியான டாக்டரம்மாவுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் டாக்டரம்மாவுக்கும் அவள் அக்காதான். அக்காவின் கணவன் இறந்து இரண்டு வருஷமாகிறது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தவள், சுத்தமும் அளவும் தப்பாதவள் என்று பேர் வாங்கியிருந்தாள்.

அவள் செய்தது ப்ரோக்கோலி சூப். பூக்களை நறுக்காமல் முழுசாகக் கொதிநீரில் போட்டு வேகவைத்து, பிறகு மசிப்பாள். ஏன் நறுக்கக் கூடாது என்று முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ப்ரோக்கோலியின் உள்ளே ஒரு நொதியும், குளுக்கோசினோலேட் என்ற பொருளும் தனித்தனி அறையில் அடைபட்டுக் கிடக்கின்றன. கத்தி பட்டு அறைகள் உடைந்தால் இரண்டும் சந்தித்து, சல்ஃபோராபேன் உண்டாகிறது. முழுசாக வேகவைத்தாலோ, சந்திப்பதற்கு முன்பே நொதி சூட்டில் செத்துவிடும். அந்தப் பொருள் மட்டும் அப்படியே காத்துக் கிடக்கும்.

காத்துக் கிடப்பதை எழுப்பக் கடுகுப் பொடி போதும். கடுகிலும் அந்த நொதி உண்டு. அதனால் இரண்டு பானைகள். இளஞ்சூட்டில் முதல் பானைக்கு மட்டும் நிறுத்து வைத்த பொடி, இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. சோதனைக்கென்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பானை, மீதிப் பேருக்கு மற்றது; சாப்பிட்டவர்களின் சிறுநீரைச் சோதித்து எவ்வளவு சல்ஃபோராபேன் உடம்புக்குள் போனது என்று பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் செல்களின் தற்காப்பு நொதிகளை அது முடுக்கிவிடுகிறது, புற்றுநோய்க்கு எதிராக உதவுமா என்று பலரும் தேடுகிறார்கள், ஆனால் மனிதரில் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்றும் டாக்டரம்மா சேர்த்துச் சொன்னாள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் கணக்கு கோணிக்கொண்டது. கடுகு சேராத பானையைச் சாப்பிட்டவர்களிடமும் நிறையவே சல்ஃபோராபேன். குடலிலுள்ள பாக்டீரியா கொஞ்சம் உண்டாக்கும்தான், ஆனால் இவ்வளவு இல்லை. அந்தப் பானையிலிருந்து தினமும் எடுத்து வைக்கும் மாதிரிக் கிண்ணத்திலும் அது இருந்தது. கிண்ணத்துக்குக் குடல் ஏது? நொதி செத்த சூப்பில் யாரோ உயிரைப் புகுத்தியிருந்தார்கள்.

அக்கா கரண்டிகளை மாற்றினாள், பலகையை மாற்றினாள், வேகவைக்கும் நேரத்தைக் கூட்டினாள். ஒன்றும் மாறவில்லை. காலை பதினொரு மணிக்கு, வெயில் ஜன்னலில் விழும் வேளையில், அந்த அறையில் தன்னைத் தவிர இன்னொருவர் இருப்பதாக அவளுக்கு முதுகு சொல்லும். திரும்பிப் பார்த்தால் ஆவி மட்டும் எழும்பிக்கொண்டிருக்கும். கடைசியில் அவளே போய்ச் சொன்னாள்.

"டாக்டர், ஒரு கேமரா வைங்க. என் மேலயும் சந்தேகப்படுங்க, பரவாயில்ல."

மறுநாள் மாலை டாக்டரம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினாள். திரையில் அக்கா. முதல் பானைக்குப் பொடியைக் கொட்டுகிறாள், கலக்குகிறாள், கையைத் துடைக்கிறாள். பிறகு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இரண்டாவது பானையில் தூவுகிறாள். தூவும்போது சமையலறை மூலையில் காலியாகக் கிடக்கும் நாற்காலியின் பக்கம் முகம் திரும்பியிருக்கிறது. உதடுகள் அசைகின்றன.

அக்காவுக்கு அது துளியும் நினைவில்லை. தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். கேமராவில் ஒலி இல்லை. ஆனாலும் அந்த உதடுகள் என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது.

சிகிச்சையின் கடைசி மாதங்களில் கணவனுக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. கடுகின் காரம் ஒன்றுதான் மூக்கில் ஏறும். ஒவ்வொரு நாளும் சூப்பைக் கொடுப்பதற்கு முன் அவள் ஒரு சிட்டிகை தூவுவாள்.

"என்ன சொல்றீங்க அதுல?" டாக்டரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சமாத்தான் போடறேன்னு."

வேலை போய்விடும் என்றுதான் அக்கா நினைத்தாள். போகவில்லை. டாக்டரம்மா நடந்ததை மேலே எழுதி அனுப்பி, மூன்று வாரக் கணக்கையும் நீக்கி, சோதனையைப் புதிதாகத் தொடங்கினாள். கடுகு டப்பா மாடியறைக்குப் போய்ப் பூட்டப்பட்டது. முதல் பானைக்கான பொடியை வேறொருத்தி கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவாள். அதன்பின் இரண்டாவது பானை சுத்தமாக இருந்தது. சல்ஃபோராபேன் மிகச் சொற்பம், இருக்க வேண்டிய அளவுதான் என்றது சோதனை அறிக்கை. கூடத்தில் எல்லோருக்கும் நிம்மதி. அக்கா அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தாள். அன்று மத்தியானம் சமையலறையின் அந்தக் காலி நாற்காலியை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனவள், கதவோரத்தில் கொஞ்ச நேரம் நின்று, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டாள்.