சத்தம் அதிகமென்று ஒரு பரிந்துரை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் முக்கூடலில் மெட்ரிக் பள்ளி கட்டினேன். ஆசிரியர்களையும் நானே தேர்ந்தெடுப்பேன். 1994இல் தன் முதல் வேலை கேட்டு வந்தாள் பொன்செல்வி. பி.எட். பயிற்சியில் அவளை வழிநடத்திய விசாலாட்சி டீச்சரின் பரிந்துரைக் கடிதத்தில், ‘இவள் வகுப்பில் சத்தம் அதிகம்’ என்றிருந்தது. குறை சொல்லும் பரிந்துரையை நான் பார்த்ததே இல்லை. டீச்சரையே தேடிப் போனேன்.

“இப்படி எழுதினா எவன் வேலை குடுப்பான், டீச்சர்?”

“அது பிள்ளைங்க கேள்வி கேக்குத சத்தம், அண்ணாச்சி. வாயப் பொத்துத ஆளு வேணும்னா வேற பாருங்க.”

பொன்செல்வியை ஆறாம் வகுப்பில் பாடம் நடத்தச் சொல்லி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“வெயிலே இல்லாம ராத்திரி துணி எப்படி டீச்சர் காயுது?” என்றான் ஒருவன்.

“நீங்களே சொல்லுங்கலே” என்றாள். வகுப்பே இரைந்தது. நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

அன்றே நியமன உத்தரவு கொடுத்தேன். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.