நனையாமல் முங்கியவர்

என் தங்கையின் கணவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. துறைமுகத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் கடலில் கணுக்கால்கூட நனைத்ததில்லை. படகில் ஏறச் சொன்னால் அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிறு சரியிருக்காது. வீட்டில் குளிக்கும்போதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வாராம். தங்கை சொல்லித்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதர் டைவர்களின் நோய்க்கு ஆளான கதையை எங்கள் துறைமுகத்தில் இன்றும் சிரிப்பாகச் சொல்கிறார்கள். சிரிப்பவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் சேம்பரில் வேலை செய்கிறோம். சேம்பர் என்பது காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுகிற, படுக்கை வசமாகக் கிடக்கும் பெரிய இரும்பு உருளை. உள்ளே இரண்டு கட்டில், பக்கத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, பேச ஒரு மைக். மூழ்கிய கப்பலை வெட்டுகிறவர்கள், தூண் போடுகிறவர்கள், குழாய் பதிக்கிறவர்கள் என்று கடலுக்கடியில் வேலை செய்கிற யாருக்காவது மூட்டு வலித்தாலோ கால் மரத்தாலோ எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வந்தவர் என்பதால் நோயாளியோடு உள்ளே போவார். நான் வெளியே உட்கார்ந்து வால்வுகளையும் அழுத்தமானியையும் பார்த்துக்கொள்வேன். ஒரே குடும்பத்தில் ஒருத்தனை இரும்புக்குள் அடைத்து இன்னொருத்தன் கையில் வால்வைக் கொடுத்தவன் புத்திசாலி என்று தங்கை சொல்வாள். "எங்க அண்ணன் கோபக்காரன், பார்த்துப் பேசுங்க" என்று அவரை எச்சரிப்பதும் அவள்தான்.

பேச்சுதான் அவருடைய வியாதி. துறைமுகம் முழுக்க அவருக்குப் பெயர் 'சோடா'. வருகிற ஒவ்வொரு டைவரையும் உட்காரவைத்து, சோடா பாட்டில் கதையை ஆரம்பிப்பார்.

"இப்போ நீ மூச்சு விடற காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அது எதுக்கும் உதவாது, சும்மா வந்து தங்கும். பத்து மீட்டர் கீழ போனா அழுத்தம் ரெண்டு மடங்கு. இருபதுல மூணு மடங்கு. அழுத்தம் ஏற ஏற ரத்தத்துல அது கரையறதும் அதே கணக்குல ஏறும். ரத்தம் அதை எடுத்துட்டுப் போய்க் கொழுப்புல, நரம்புல எல்லாம் குடி வெச்சிடும். மெதுவா மேல வந்தா அதே வழியில நுரையீரலுக்குத் திரும்பி வந்து வெளிய போயிடும். சட்டுனு வந்தியோ, மூடியைத் திறந்த சோடாதான். கரைஞ்சது அங்கங்கயே குமிழியாயிடும். முட்டியில வந்தா வலி. முதுகுத்தண்டுல வந்தா, தம்பி, கால் உன்னுது இல்ல."

பயமுறுத்திவிட்டு அவரே தேற்றுவார். "அதுக்குத்தானே நாங்க இருக்கோம். உன்னை உள்ள வெச்சு மறுபடி அமுக்குவோம், குமிழி சுருங்கிக் கரைஞ்சிடும். மாஸ்க்குல சுத்த ஆக்ஸிஜன் தருவோம். உள்ள வர்றதுல நைட்ரஜனே இல்லைன்னா, இருக்கறது வேகமா வெளிய கிளம்பிடும்."

அத்தனையும் சரியான பேச்சு. அதில் ஓர் ஆளை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவே மாட்டார். நோயாளி மாஸ்க்கில் ஆக்ஸிஜன் இழுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சேம்பர் காற்றைத்தானே இழுக்கிறார்? அழுத்தம் இருவருக்கும் ஒன்றுதான். நோயாளியின் உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறுகிற அதே நேரத்தில் துணைக்குப் போனவர் உடம்பில் அது ஏறிக்கொண்டிருக்கும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் துணையாளும் மாஸ்க் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. மாஸ்க் போட்டால் பேச முடியாது. மாப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

நான் மைக்கில் கத்துவேன். "மாஸ்க்."

"போட்டாச்சு மச்சான்."

"போட்டவன் எப்படிய்யா பதில் சொல்றே?"

உடனே போட்டுக்கொள்வார். நான் அழுத்தமானி பக்கம் திரும்பினால் அது தாடைக்கு இறங்கிவிடும். கேட்டால், "நான் என்ன கடலுக்கா போனேன்?" என்பார்.

அன்று காலையில் ஒரு டைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சின்ன வயசு, போன மாசம்தான் கல்யாணமானவன். நாற்பத்தைந்து மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு தோணியை வெட்டப் போயிருந்தான். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றை இழுத்தால் நைட்ரஜன் நரம்பில் ஊறி, ஆளுக்கு ஆள் கொஞ்சம் போதை ஏறும். சிலருக்குப் பயம் வரும், சிலருக்குச் சந்தோஷம். இவனுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. மேலே இருந்தவர்களிடம் மைக்கில் சிரித்திருக்கிறான். கையிலிருந்த ஸ்பானரிடம், "போதும், நீயும் வீட்டுக்குப் போ" என்று சொல்லி விட்டுவிட்டான். அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த ஈய பெல்ட் பாரமாக இருக்கிறது என்று அதையும் கழற்றிப் போட்டான். பாரம் போனதும் ஆள் கார்க் மாதிரி மேலே வந்துவிட்டான். வழியில் நின்று நின்று வர வேண்டிய இடங்கள் எல்லாம் அப்படியே போயின. மேலே வந்த மாத்திரத்தில் போதை தெளிந்தது, அது அப்படித்தான், ஆழம் குறைந்தால் தானே போய்விடும். போதை போன இடத்துக்கு வலி வந்தது. படகிலேயே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

எங்கள் சேம்பர் டாக்டரம்மா வந்து பார்த்தார். பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்தும் கால் அசையவில்லை. அழுத்தத்தைக் கூட்டி ஐம்பது மீட்டருக்கு இறக்கச் சொன்னார். அவ்வளவு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனே விஷமாகிவிடும் என்பதால் நோயாளியும் கொஞ்ச நேரம் காற்றைத்தான் இழுக்க வேண்டும். வால்வைத் திறந்தேன். உள்ளே சூடேறியது. காற்று கெட்டியாகி இருவர் குரலும் மூக்கால் பேசுகிற குரலாக மாறியது. கூடவே மாப்பிள்ளைக்கும் போதை ஏறிவிட்டது. அதுவரை டைவரிடம், "போதையில நீ பண்ணது முட்டாள்தனம்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், சோடா பாட்டில் கதையைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து சொன்னார். பிறகு கட்டிலைத் தட்டிச் சிரித்து, "மச்சான், எனக்கு நீச்சல் அடிக்கணும்போல இருக்கு" என்றார். டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார். அழுத்தத்தைக் குறைத்துப் பதினெட்டுக்கு ஏற்றியதும் தெளிந்து, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார்.

டைவர் கால்விரலை அசைத்தான். அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, நடந்துடுவேனா? எங்க வீட்டுல என்ன சொல்றது?" என்று மாஸ்க்கைத் தூக்கித் தூக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசிக் கட்டத்தில் மாப்பிள்ளை போட்டிருக்க வேண்டிய மாஸ்க், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவர் மடியில் கிடந்திருக்கிறது. மைக்கில் பேச்சு கேட்டு நான் கத்தும்போதெல்லாம் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினார். மதியம் கதவைத் திறந்தபோது அந்தப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே வந்தான். மாப்பிள்ளை வெற்றி வீரர் தோரணையில் பின்னால் வந்தார். வெளியே வந்தபின் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதையும் மதிக்காமல், பசிக்கிறது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இவரு தோள் வலிக்குதுங்கறாரு. கேட்டா, பெஞ்சுல கோணலா உட்கார்ந்தேன்னு சொல்றாரு."

"வேற?"

"முதல்ல அரிசி மூட்டை தூக்கினேன்னாரு. எங்க வீட்டுல ஏது மூட்டை? அப்புறம் வாயுன்னாரு. கல்யாணமான நாள்லேர்ந்து இவருக்குத் தலைவலின்னாக்கூட ஊரைக் கூட்டித்தான் சொல்வாரு. இன்னிக்கு மெதுவாச் சொல்றாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

உடனே வண்டியை எடுத்தேன். கோணலாக உட்கார்ந்தேன், மூட்டை தூக்கினேன், வாயு. டைவர்கள் அத்தனை பேரும் இதே பொய்களைத்தான் சொல்வார்கள். இந்த நோயின் முதல் அறிகுறியே, நோயே இல்லை என்று மறுப்பதுதான் என்று அவர்களைத் திட்டுகிறவர் இவர்.

போய்ப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுமில்லை என்றார். கடலுக்கே போகாதவனுக்கு டைவர் நோயா, ஊரே சிரிக்கும் என்றார். "எழுந்திருய்யா" என்று அதட்டினேன். எழுந்து இரண்டு எட்டு வைத்தார். இடது கால் செருப்பு பின்னாலேயே கிடந்தது. அவர் செருப்பு போட்டிருப்பதாகவே நினைத்து நடந்துகொண்டிருந்தார். தங்கை அதைக் குனிந்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அவர் செருப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு அவரே என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வண்டியில் போகும்போதே வலது காலும் தளர ஆரம்பித்தது. துணைக்கு உள்ளே போகப் பழகியவர்கள் எங்களிடம் இரண்டே பேர், அவரும் நானும். ஒருவர் நோயாளி ஆகிவிட்டார். அடுத்த ஷிப்ட்காரரை வரவழைத்து வால்வைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனேன். தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்றாள். "அவரைப் பேச விடாதே அண்ணா" என்று மட்டும் சொன்னாள். 

அந்த இரும்புக்குள் நேரம் நகராது. அவர் மாஸ்க்கில் இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவ்வப்போது டாக்டரம்மா மைக்கில் கேட்பார், நான் ஊசி முனையால் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். வலது காலில் உணர்வு வந்தது. இடது காலில் வரவில்லை. இவ்வளவு அறிவாளி இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே கொண்டுபோய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

கடைசிக் கட்டம் வந்தது. நானும் மாஸ்க் போட்டேன். சற்று நேரத்தில் அவர் தன்னுடையதை ஒரு விரலால் தூக்கி, அந்த டைவர் பையன் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"மச்சான், நடந்துடுவேனா?"

தலையை ஆட்டியிருக்கலாம். எதை நம்பி ஆட்டுவது? ஒருத்தன் அப்படிக் கேட்கும்போது தலையாட்டல் போதாது, ஏதாவது பேச்சுத்தான் வேண்டும், சோடா பாட்டில் கதையாவது வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யோசித்து வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ, என் கை தானாக மாஸ்க்கின் பட்டைக்குப் போய்விட்டது.

அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். படுத்திருந்த மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மாஸ்க்கை என் முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். தன்னுடையதையும் சரியாகப் போட்டுக்கொண்டார். அழுத்தமெல்லாம் இறங்கிச் சேம்பர் கதவு திறக்கும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.