மன்னிப்புக் கடிதத்தில் ஒரு வரி

ஏப்ரல் சீசன் முடிந்து நுவரெலியாவில் கூட்டம் வடிந்துவிட்ட பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை அது. நாள் விஷயத்தில் நான் பிசகுவதில்லை. அன்று காலை எங்கள் கெஸ்ட் ஹவுசுக்குத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவருடைய தங்கை விடுமுறையில் வருகிறாள். அம்மா அப்பாவை ஓர் இரவு நல்ல இடத்தில் தங்க வைக்க ஆசைப்பட்டு, போனில் எங்களிடம் இரண்டு அறை பதிவு செய்திருந்தாள். பாதிப் பணத்தை இந்த அண்ணன் பேரில் அனுப்ப, அவர் அதை எங்கள் வங்கிக் கணக்கில் போட்டும் ஆயிற்று. அடையாள அட்டைப் பிரதிகளைக் கொடுக்கத்தான் அவர் வந்தார். கொடுத்துவிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விலைப்பட்டியலைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இதுல ஒரு ரூம்பு பன்னெண்டாயிரம்னுல்ல போட்டிருக்கு. எங்க தங்கச்சிக்கு ரெண்டு ரூம்புக்கு நாப்பத்தஞ்சாயிரம்னு சொல்லியிருக்காங்களே?"

"தங்கச்சிக்கிட்ட எந்த நாட்டுப் பாஸ்போட்டுங்க?"

"நம்ம நாட்டுப் பாஸ்போட்டுதான். குவைத்துல பாத்திரம் கழுவப் போனவ, அங்க போயி வெள்ளக்காரியா மாறிட்டாளா?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்களிடம் இரண்டு விலை உண்டு: இலங்கையருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கில் ஒன்று. யார் எந்த நாட்டவர் என்பதை அடையாள அட்டையோ பாஸ்போட்டோதான் தீர்மானிக்கும். எந்த நாட்டிலிருந்து போன் வருகிறது என்பது அல்ல. யாரோ குவைத் நம்பரைப் பார்த்ததும் டொலர் விலையைச் சொல்லியிருக்கிறார்கள்.

யாரோ என்ன, எனக்குத் தெரியும். அவள் பேசிய காலையில் நான் பணம் கட்ட வங்கிக்குப் போயிருந்தேன். போனுக்கு அருகில் இருந்தவன் என் கூட்டாளி. நான் பிறந்த அதே தோட்டத்துக்காரன், நான் சொல்லி மனேஜர் சேர்த்துக்கொண்டவன். ஆறு மாதமாக ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். அவன் வீட்டு ரொட்டிக்கு என் வீட்டுத் தேங்காய்ச் சம்பல்.

வந்தவரிடம் வருத்தம் சொல்லி, சரியான விலையைத்தான் எடுப்போம் என்று உறுதி கூறி அனுப்பினேன். மனேஜரிடம் போய், விலை பிழையாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்றேன். யார் என்று நான் சொல்லவில்லை. அவனே போய்ச் சொல்லட்டும், அதுதான் அவனுக்கு மரியாதை என்று நினைத்து, விஷயத்தை அவன் காதில் மட்டும் போட்டேன். சீசனுக்கு முன்பு இன்னொரு விலைப் பிழை நடந்தபோதே, இனியொரு தடவை நடந்தால் பிழைவிட்ட ஆளைப் போன் மேசையிலிருந்து எடுத்துவிடுவதாக மனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். அந்த மேசையில் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

அவன் மனேஜரின் அறைக்குள் போய் வந்ததைப் பார்த்தேன். என் மனம் சற்று லேசானது.

பிற்பகல் மனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "அந்தப் பிள்ளைக்கு அனுப்ப வேண்டிய கடிதம். அவன் எழுதிட்டான். தமிழக் கொஞ்சம் பாத்துத் திருத்துங்க. கடைசில நீங்களே கையெழுத்தும் போட்டுடுங்க" என்றார். முகத்தில் ஏதோ ஒரு இறுக்கம்.

படித்தேன். 'தாங்கள் வெளிநாட்டிலிருந்து அழைத்த காரணத்தால் இத்தவறு ஏற்பட்டது.' அதாவது, அவள் குவைத்தில் இருப்பது அவளுடைய குற்றம். 'தங்களுக்கு விசேட சலுகையாக விலையைக் குறைத்துத் தருகிறோம்.' அவளுக்கு உரிய விலையை அவளுக்கே பிச்சையாகக் கொடுக்கிறோம். இரண்டையும் அடித்தேன். அதற்கடுத்த வரியில் பேனா நின்றது.

'எமது மூத்த ஊழியர் வயது காரணமாகத் தடுமாறி விலையை மாற்றிக் கூறிவிட்டார்.'

அங்கே மூத்த ஊழியர் என்று இருப்பது நான் ஒருவன்தான்.

எதிர் மேசையில் அவன் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த சாவியையே திரும்பத் துடைத்தான்.

"இது யாருடா?" என்று தாளைக் காட்டினேன்.

"அண்ணே..."

"அன்னைக்கு நான் பேங்குக்குப் போயிருந்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணே. எனக்கு இன்னும் வேலையக் கன்போம் பண்ணலண்ணே. நான்தான்னு தெரிஞ்சா உடனே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்கள யாரு என்ன செய்யப்போறா? இத்தன வருஷ ஆளு. ஒரு ஏச்சோட போயிரும்னு நெனச்சேன்."

"வயசுன்னு வேற எழுதியிருக்க."

"அப்பத்தான் மனேஜர் சேர் கோவிச்சுக்க மாட்டாருன்னு..." என்று சாவியைப் பார்த்தே சொன்னான். எனக்கு உபகாரம் செய்தவன் போல இருந்தது குரல்.

நான் கடிதத்தைப் புதிதாக எழுதினேன். கோபத்தில் இருந்தாலும் எழுத வேண்டியது எனக்குத் தெளிவாக இருந்தது. காசு கொடுத்த பெண்ணுக்கு யார் பிழைவிட்டார் என்பது தேவையில்லை. எது பிழை, எது சரி, இனி அவள் எவ்வளவு தர வேண்டும் என்பதுதான் தேவை.

'போனில் உங்களிடம் இரண்டு அறைகளுக்கு நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று கூறினோம். அது பிழை. இலங்கையரான உங்களுக்குரிய விலை இருபத்துநாலாயிரம். இது சலுகை அல்ல, உங்களுக்குரிய சரியான விலை. நீங்கள் கட்டிய இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிடைத்தது. வரும்போது ஆயிரத்து ஐந்நூறு மட்டும் தந்தால் போதும். பாஸ்போட்டை விசாரிக்காமல் விலை கூறியது எங்கள் தவறு. நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்.'

மனேஜரின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நல்லாருக்கு. ஆனா அந்த ஊழியர் வரிய எடுத்துட்டீங்களே?"

"கடிதத்துல அது தேவையில்ல சேர். அதோட, பேசினது நான் இல்ல."

"ஒங்களப் பத்தின வரின்னு எடுத்துட்டீங்களோன்னு பாத்தேன்." சிரிக்கவில்லை அவர். "நீங்க இல்லன்னா யாரு?"

நான் திரும்பினேன். அவன் கதவருகில் நின்றிருந்தான். மூன்று பேரும் அந்தச் சிறிய அறையில் இருந்தோம். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். வெளியே யாரோ வான் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் ஜன்னலைப் பார்த்தான்.

நானே அவன் பெயரைச் சொன்னேன்.

"அவன் காலையிலயே வந்து வேற மாதிரி சொன்னானே" என்றார் மனேஜர். பிறகு அலுப்போடு, "சரி, கடிதம் போகட்டும். நாளையிலருந்து போனை அவன் மேசைக்கு மாத்துங்க. நீங்க ஸ்டோர்ல பெட்ஷீட் கணக்கப் பாருங்க. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்" என்றார்.

கையெழுத்துப் போடச் சொன்னார். கடிதம் உண்மையானது என்பதால் போட்டேன். அதை அன்றே போனில் படமெடுத்துக் குவைத்துக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை நான் ஸ்டோரில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே போன் அடித்தது. என் கால் தானாக ஓர் அடி வைத்து நின்றது. அவன் எடுத்தான். குவைத்திலிருந்து அந்தப் பெண்தான். கடிதம் கிடைத்ததாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாங்க... இல்லங்க, சலுகை இல்லங்க, அதான் உங்களுக்குரிய சரியான வெல... பாஸ்போட்ட விசாரிக்காம சொன்னது எங்க தவறுங்க. நாங்க மன்னிப்புக் கேக்குறோம்."

ஒரு சொல் பிசகவில்லை. அவளுக்காக நான் தேடி எழுதிய 'நாங்கள்' அது. அதற்குள் அவன் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருந்தான்!

அன்று மதியம் அவன் ஸ்டோர் வாசலுக்கு வந்து, "அண்ணே, ரொட்டி கொண்டாந்திருக்கேன்" என்றான். நான் என் சம்பலை என் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. முன் மேசையில் போன் அடிக்கவும் ஓடினான்.